பாத்ரூம் தேட வேண்டாம்

நாற்பத்து மூவாயிரம் பேர் பார்த்த வீடியோ அது. பார்த்தவர்களில் ஒருத்தர்கூடக் கடைப்படி ஏறவில்லை.

"வைரல்! நம்ம கடை வைரல்!" என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் டைரக்டர் காலையில் உள்ளே வந்தான். அவன் சினிமா டைரக்டர் இல்லை. கடை முதலாளியம்மாவின் தம்பி. துணிகளை வீடியோ எடுத்து, பாட்டுச் சேர்த்து, கடையின் பக்கத்தில் ஏற்றுவது அவன் வேலை. எடுப்பதற்கு முன்னால் இரண்டு கை விரல்களையும் சட்டம்போலக் கோத்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பான். அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கமா தலை நிமிரவில்லை. அவள் அப்போது அந்த வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கமெண்டுகளைத்தான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கமா என்பதும் வைத்த பெயர்தான். பள்ளிக்கூட நோட்ஸ் அச்சடிக்கும் ஒரு நிறுவனத்தில் எட்டு வருஷம் பிழை திருத்துபவளாக இருந்தவள். மளிகைச் சாமான் பட்டியல் எழுதினாலும் காற்புள்ளி தவறாது. அதைப் பார்த்துச் சிரித்து, "கமா" என்று முதலில் கூப்பிட்டது அவளுடைய அண்ணி. அந்த அண்ணிதான் இந்தக் கடைக்கு முதலாளி. நிறுவனம் மூடியபோது கமா நிறைமாதம். பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆனதும், "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்காத. வந்து வீடியோவுக்குக் கேப்ஷன் எழுது" என்று அண்ணியே கூப்பிட்டாள். நாத்தனாரைக் கடையில் வைத்தால் அதிகாரம் பண்ணுவாள் என்று நாலு பேர் சொல்லியும் கூப்பிட்டாள். அண்ணனோ, கடை விஷயம் எது வந்தாலும் "நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொள்கிற ஆள்.

வந்த நாலு மாதத்தில் கமா கேப்ஷனைக் கொஞ்சம் உருப்படியாக்கியிருந்தாள். முன்பெல்லாம் டைரக்டர் எழுதுவான். ஐம்பது வயதுப் பெண்களுக்கான முழுக்கை டாப்ஸுக்கும் "ஹாய் கைஸ்" என்று ஆரம்பிப்பான். காலேஜ் பெண்கள் வாங்கும் குட்டை டாப்ஸுக்கும் அதே "ஹாய் கைஸ்"தான். "யாருப்பா அந்த கைஸு? எனக்கு ஒருத்தனும் தெரியாதே" என்று தையல் மாஸ்டர் ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்பார். கமா அதை மாற்றினாள். வயதில் பெரியவர்களுக்கு "நீங்க" போட்டு, கை எவ்வளவு நீளம், உள்ளே லைனிங் இருக்கிறதா, துவைத்தால் சாயம் போகுமா என்று நேராக எழுதினாள். காலேஜ் பெண்களுக்கு ஒரே வரி, அதுவும் பாதியில் நிறுத்திய மாதிரி: "அம்மாகிட்ட கேக்காம வாங்குனது." அது நன்றாக ஓடியது. அம்மாக்களும் பகிர்ந்தார்கள்.

இந்த வீடியோவுக்கு மட்டும் அவள் எழுதவில்லை. அது எடுத்த அன்றைக்குக் குழந்தைக்குத் தடுப்பூசி. அவள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள்.

அந்த உடை பிறந்ததே அவளால்தான். தினமும் ஒரு மணிக்கு அவள் கணவன் குழந்தையைக் கடைக்குத் தூக்கிவருவான். அவன் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட். காலையில் பிள்ளை அவன் பொறுப்பு. இரண்டாம் நம்பர் டிரையல் ரூமில் உட்கார்ந்து கமா பால் கொடுப்பாள். போட்டிருக்கும் குர்த்தியைக் கழுத்துவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் படும் பாட்டைத் திரை இடுக்கு வழியாக வந்த அலுப்புச் சத்தத்திலேயே மாஸ்டர் புரிந்துகொண்டார். மறுநாள் ஒரு குர்த்தியைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். மார்புப் பக்கம் இரண்டு தையல்கோடு மேலிருந்து கீழே இறங்கும் அல்லவா, அந்தத் தையலுக்குள்ளேயே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஜிப். மேலே துணியின் மடிப்பு. போட்டுக்கொண்டு நின்றால் ஜிப் இருப்பதே தெரியாது. ஒரே கையால் திறக்கலாம், மூடலாம். இன்னொரு கையில்தான் பிள்ளை இருக்குமே. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாலு அளவில் அறுபது தைக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தக் குர்த்தியைத்தான் டைரக்டர் விற்பனைப் பெண் நெட்டைக்கு மாட்டி, சுற்றச் சொல்லி, ஸ்லோமோஷனில் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டைச் சேர்த்து ஏற்றியிருந்தான். ஜிப் எங்குமே காட்டப்படவில்லை. கேப்ஷன்: "இந்தப் பொண்ணு யாரு? கண்ணெடுக்க முடியலயே!" பக்கத்தில் மூன்று தீக்கொழுந்து எமோஜி. கீழே முப்பது ஹேஷ்டேக். அழகு, பெண், காதல், ஹாட், வைரல், க்யூட். கடைசியில் மனசாட்சிக்காக "நியூ-மாம்" என்று ஒன்று. நடுவில் கோடு போட்டதால் அது அங்கேயே உடைந்து, "நியூ" என்று மட்டும் நீலமாகத் தெரிந்தது.

"தொண்ணூத்தொரு சதவீதம் ஆம்பளைங்க" என்றாள் கமா.

"என்னது?"

"பாத்தவங்க. நீ வியூஸ் மட்டும் பாத்துட்டு வந்துட்ட. உள்ள போனா யார் பாத்தாங்க, என்ன வயசுன்னு கணக்கு இருக்கு. நாப்பத்து மூவாயிரத்துல தொண்ணூத்தொரு சதவீதம் ஆம்பளைங்க. இவங்கள்ல யாருக்குடா ஜிப் குர்த்தி விக்கப் போற?"

"ரீச் வந்தா சேல்ஸ் தானா வரும், கமாக்கா." காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அந்த அக்கா ஒட்டிக்கொள்ளும்.

"வந்தது என்னன்னு படிக்கட்டுமா? 'நம்பர் கிடைக்குமா.' 'இன்னொரு சுத்து சுத்து.' 'திரும்பி நில்லு.' இதுக்குக் கீழ உள்ளதை வாய்விட்டுப் படிக்க முடியாது."

நெட்டை ரேக்கில் ஹேங்கர்களை அளவு வாரியாக மாற்றிக்கொண்டிருந்தாள். கைமட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. எதற்கும் குனிய மாட்டாள். அன்றைக்குக் குனிந்திருந்தாள்.

"நீ பாத்தியா?" என்று கமா கேட்டாள்.

"என் சித்தப்பா பையன் அனுப்புனான். 'இது நீதானே'ன்னு." நெட்டை ஹேங்கரை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "இனிமே நான் வீடியோல நிக்க மாட்டேன். வேலையைவிட்டு அனுப்பினாலும் சரி."

"ஐயோ, கமெண்ட்டுக்கெல்லாம் இப்படியா? அவனுங்க எல்லாருக்கும் போடுறதுதான்" என்றான் டைரக்டர்.

"அவனுங்களாத் தேடி வரல" என்றாள் கமா. "நீ ஹாட்டுனு பேர் எழுதி, வாசல்ல நின்னு கூப்பிட்ட. வந்துட்டானுங்க. அதை எடு முதல்ல."

"நாப்பத்து மூவாயிரத்தை எடுக்கறதா? உனக்கென்ன பைத்தியமா?"

"அது உன் நாப்பத்து மூவாயிரம். அதுல இருக்கறது என் இடுப்பு" என்றாள் நெட்டை. "எடு."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மாஸ்டர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். டைரக்டர் சுற்றும்முற்றும் பார்த்தான். அக்கா இருந்தால் துணைக்கு வந்திருப்பாளோ என்னவோ, அவள் இன்னும் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வீடியோவைப் பக்கத்திலிருந்து நீக்கினான்.

அண்ணி வந்ததும் பஞ்சாயத்து நடந்தது. தம்பியைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். அவன் முகம் வாடினால் தாங்க மாட்டாள். அதே சமயம் அறுபது குர்த்தியும் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பதையும் தாங்க மாட்டாள்.

"சரி, புதுசா ஒண்ணு எடுங்க. கமா எழுதட்டும்" என்றாள். "ஆனா பாத்து எழுது. நம்மது ஃபேமிலி பேஜ்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று டைரக்டர் பிடித்துக்கொண்டான். "பால், கீல்னு எல்லாம் போட முடியாது. அசிங்கமா இருக்கும்."

"பால்ல என்ன அசிங்கம்? ஃபேமிலி பேஜுங்கற. ஃபேமிலி எப்படி வந்துச்சு? கூரியர்லயா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "'தாய்மார்களுக்கான சௌகரிய உடை'ன்னு போட்டுக்கோயேன்" என்றாள்.

"அது சுகாதார நிலையத்துச் சுவத்துல எழுதற மாதிரி இருக்கு அண்ணி. யாரும் நிக்க மாட்டாங்க."

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பாத்து எழுது" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, துணி எடுக்க வெளியூர் மொத்த விலைக் கடைக்குக் கிளம்பிப் போனாள். அதைச் சம்மதம் என்று கமா எடுத்துக்கொண்டாள். இல்லை என்று டைரக்டர் எடுத்துக்கொண்டான்.

கமா முதலில் எழுதியதைப் படித்து அவளே முகம் சுளித்தாள். "தாய்மையின் மென்மைக்கு ஒரு மெல்லிய அணைப்பு." யாருக்கு இது? மூன்று மாதமாகத் தூங்காதவளிடம் போய் மென்மை என்றால் செருப்பைத் தேடுவாள். அடுத்து வேடிக்கையாக ஒன்று எழுதினாள். அது பிள்ளை பெறாதவர்கள் சிரிக்கிற வேடிக்கையாக இருந்தது. அடித்தாள்.

பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்கப்போகிறவளை நினைத்துப் பார்த்தாள். அவள் கையில் பிள்ளை. மற்றக் கையில் போன். பிள்ளை தூங்குகிறது, அதனால் சத்தத்தை அணைத்து வைத்திருப்பாள்; பாட்டுப் போட்டும் பிரயோஜனமில்லை, சொல்லவேண்டியது எழுத்தாகத் திரையிலேயே ஓடவேண்டும். கேப்ஷனில் முதல் வரிதான் தெரியும். மீதியைப் பார்க்க ஒருமுறை தட்டவேண்டும். தட்டுவதற்கு அவளுக்கு விரல் காலி இல்லை. ஆகவே முதல் வரியிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும். அவள் எதற்குப் பயப்படுகிறாளோ அது அந்த வரியில் இருக்க வேண்டும்.

கமாவுக்கு ஒரு பாங்க் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு இரண்டு மாதம். டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தபோது அது வீறிட்டது. உட்கார ஒரு மறைவிடம் கேட்டாள். வாசலில் நின்ற காவலாளி கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் கழிவறையைக் காட்டினார். மூடிய கழிவறைமேல் உட்கார்ந்து, வெளியே ஒருத்தி கதவைத் தட்டத் தட்ட, அவள் பால் கொடுத்தாள். யார்மேலும் கோபப்பட முடியாமல் போனதுதான் அன்றைக்கு அவளுக்கு அதிகக் கோபம். 'நாம கக்கூஸ்ல உக்காந்து சாப்பிடுவோமா?' என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள்.

ஒரு மணிக்குக் குழந்தையோடு வந்த கணவனிடம் போனை நீட்டினாள். அவன் நின்றபடியே படித்தான்.

"பால் கொடுக்கணுமா? பாத்ரூம் தேட வேண்டாம்.
ரெண்டு பக்கமும் மறைவா ஜிப். ஒரு கையால திறக்கலாம், மூடலாம். பஸ்ல, ஆபீஸ்ல, பாங்க் வரிசைல, எங்க வேணாலும். உள்ள பட்டை இருக்கு, ஜிப் குழந்தை முகத்துல உரசாது. பருத்தி. சாயம் போகாது. நாலு அளவு."

அவன் இரண்டாவது முறையும் முதல் வரியைப் படித்தான். "அந்த பாங்க்" என்றான்.

"ஆமா."

"போடு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தான்.

வீடியோவை அவளே எடுத்தாள். நெட்டை போனைப் பிடித்துக்கொண்டாள். டைரக்டர், "நான் இதுல இல்ல" என்று டீ குடிக்கப் போய்விட்டான். முகம் கிடையாது, பாட்டு கிடையாது. பொம்மைக்குக் குர்த்தியை மாட்டி, கமாவின் இடதுகையில் சுருட்டிய துவாலை ஒன்று பிள்ளைபோல. வலதுகை மடிப்பை நகர்த்துகிறது, ஜிப் இறங்குகிறது, ஏறுகிறது. மொத்தம் பதினொரு விநாடி. முதல் விநாடியிலேயே திரையில் பெரிதாக அந்த வரி.

ஹேஷ்டேக் ஆறுதான் போட்டாள். ஃபீடிங்குர்த்தி, நர்சிங்குர்த்தி இரண்டும் ஆங்கிலத்தில். வாங்க நினைப்பவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். தாய்ப்பால், புதுஅம்மா, வேலைக்குப்போகும்அம்மா மூன்றும் தமிழில், இடைவெளியும் கோடும் இல்லாமல் சேர்த்து. கடைசியில் அவர்கள் ஊர்ப்பெயர், வந்து போட்டுப் பார்க்கக்கூடியவர்கள் கண்ணில் படட்டும் என்று. அழகு, காதல், வைரல் ஒன்றும் இல்லை. பழைய வீடியோவைத் தேடி வந்தவர்கள் இங்கேயும் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் வழக்கமாக எழுதும் சொற்களை ஒரு பட்டியலாகக் கொடுத்து, அந்தச் சொல் வரும் கமெண்ட் தானே மறையும்படி அமைத்தாள். பிழைப் பட்டியல் போட்டுப் பழகிய கை. ஐம்பத்திரண்டு சொல் எழுதியபிறகுதான் நிறுத்தியது.

மறுநாள் காலை பதினொன்றுக்கு ஏற்றினாள். வீட்டு ஆட்கள் வேலைக்குப் போய், பிள்ளையும் தூங்கும் நேரம்.

பன்னிரண்டரைக்கு வீடியோ இல்லை.

"நான்தான் தூக்குனேன்" என்றான் டைரக்டர், பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. "என் ஃபிரெண்ட் கேக்கறான், 'என்னடா, உங்க அக்கா துணிக்கடை வெச்சிருக்காங்களா, பால் பூத்தா'ன்னு. எனக்கு மானம் போகுது."

"உன் ஃபிரெண்டு குர்த்தி வாங்குறதா இருந்தானா?"

"ஒண்ணரை மணி நேரத்துல அறுநூறு வியூஸ், கமாக்கா. அறுநூறு! இதுக்கா இவ்வளவு சண்டை?"

"அதுல எத்தனை பேர் சேவ் பண்ணினாங்க?"

அவன் பார்க்கவில்லை. கமா பார்த்திருந்தாள். அறுநூறு பேரில் ஐம்பத்தாறு பேர் சேமித்து வைத்திருந்தார்கள். எண்பத்து மூன்று முறை யாரோ யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். நாற்பத்து மூவாயிரத்தில் சேமித்தவர்கள் ஒன்பது பேர். அது எதற்கு என்று யோசிக்கவே கூடாது.

சண்டை வளர்ந்திருக்கும். ஆனால் படியில் ஷூச் சத்தம் கேட்டது. சீருடையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். தோளில் டிக்கெட் மெஷின் தொங்கியது. பஸ் கண்டக்டர். மூச்சு வாங்கிக்கொண்டே போனை நீட்டினாள்.

"இந்தக் கடைதானே? என் கூட வேலை பாக்குறவ ஒரு வீடியோ அனுப்புனா. திறந்தா 'கிடைக்கல'ன்னு வருது. பாத்ரூம் தேட வேண்டாம்னு இருந்துச்சாமே, அந்த டிரெஸ் இருக்கா, இல்ல அதையும் தூக்கிட்டீங்களா? எனக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு."

நெட்டை ஏற்கனவே ரேக் பக்கம் போய்விட்டாள்.

"ஜிப் எங்க?" என்று கண்டக்டர் டைரக்டரைப் பார்த்தே கேட்டாள். அவன்தான் அருகில் நின்றான். நெட்டை கொண்டுவந்த குர்த்தியை அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "என்ன தம்பி, விக்கறீங்க, எங்க இருக்குன்னு தெரியாதா?"

தெரியாதுதான். மாஸ்டரிடம் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கமா மடிப்பை நகர்த்திக் காட்டினாள். கண்டக்டர் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுகையால் திறந்து மூடிப் பார்த்தாள். மூன்று தடவை.

"டிப்போல எங்களுக்கு ரூம் இருக்கு. ரூம்ல டயர் இருக்கு" என்றாள். "பின் சீட்டுல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து குடுக்கறேன். என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கொண்டுவந்து அஞ்சு நிமிஷம் நிப்பாரு. இது யூனிஃபார்ம் கலர்ல இருக்கா?"

இல்லை. ஆனால் மாஸ்டர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து உருவிவிட்டார்.

அன்றைக்கு மாலைக்குள் இன்னும் ஒன்பது பெண்கள் வந்தார்கள். இரண்டு நர்ஸ்கள், பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு டீச்சர், தங்கைக்காக வந்த ஒரு அக்கா. எல்லாரும் கேட்டது ஒன்றே: வீடியோ எங்கே? அண்ணி துணிக்கட்டோடு படியேறி வந்தபோது, இரண்டு டிரையல் ரூமுக்கும் வரிசை நின்றது. ஒரு குழந்தை கல்லாமேல் உட்கார்ந்து பில் ரோலை இழுத்துக்கொண்டிருந்தது.

அண்ணி கட்டை இறக்கி வைத்தாள். நெட்டை நடந்ததைச் சொன்னாள், ஒன்றும் விடாமல், ஒன்றும் சேர்க்காமல்.

"அழிச்சதைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?" என்று அண்ணி தம்பியைக் கேட்டாள்.

"முப்பது நாள்வரைக்கும் முடியும்" என்றான் அவன். பிறகு, "ஆனா அந்த வார்த்தையை மட்டும் மாத்திடலாம்க்கா. 'பால் கொடுக்கணுமா'வுக்குப் பதிலா 'குழந்தை இருக்கா'ன்னு..."

"குழந்தை இருந்தா சட்டைல எதுக்குடா ஜிப்?" என்றாள் கமா. "நீ மறைச்சு எழுதினா, அது மறைக்க வேண்டிய விஷயம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். அவங்க ஏற்கனவே போதும்கிற அளவுக்கு ஒளிஞ்சுட்டாங்க. அண்ணி, ஒரு எழுத்து மாத்தினாலும் நான் நாளைலேருந்து வர மாட்டேன்."

நாத்தனார் அதிகாரம் என்று நாலு பேர் சொன்னது இதைத்தானோ என்னவோ. அண்ணி அவளைப் பார்த்தாள். டிரையல் ரூம் வரிசையைப் பார்த்தாள்.

"ஏத்துடா" என்றாள்.

திரும்ப ஏறியது. கூடவே எதிர்பார்த்ததும் வந்தது. ஐம்பத்திரண்டு சொற்களும் அசிங்கமாகப் பேசுகிறவர்களைத்தான் தடுத்தன. மரியாதையாகப் பேசிக்கொண்டு திட்டுகிறவர்களைத் தடுக்க அதில் சொல் இல்லை. "இதையெல்லாம் பொதுவெளியில் போடலாமா?" "பெண்கள் நடத்தும் கடையா இது?" "எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்." அதற்கு மேல் ஒருவர் நீளமாக, பத்தி பிரித்து, பண்பாடு பற்றி எழுதியிருந்தார். அதற்கு நூற்றுப்பத்து லைக்.

"அழிச்சுடு, இல்ல கமெண்ட்டையே மூடிடு" என்றான் டைரக்டர். இம்முறை அவன் குரலில் சண்டை இல்லை, பயம் இருந்தது.

"மூடினா, 'எந்த அளவு வேணும்'னு கேக்கறவங்களும் வெளிய நிப்பாங்க" என்றாள் கமா. வாடிக்கையாளருக்கு ஒரு குரல் என்றால், இவருக்கு என்ன குரல்? கோபமாக எழுதினால் அவருக்குத்தான் கொண்டாட்டம். விளக்கினால் அவர் இன்னும் நாலு பத்தி எழுதுவார். வாங்கப்போவதே இல்லாதவரிடம் கடைக்காரர் எப்படிப் பேசுவாரோ அப்படி எழுதினாள். பணிவாக.

"ஐயா, வந்ததற்கு நன்றி. இந்த உடை உங்கள் அளவில் இல்லை. உங்களைப் பெற்றவருக்கு அன்றைக்கு இது கிடைக்காமல் போனதில் எங்களுக்கும் வருத்தம்தான்."

அதை எல்லாக் கமெண்ட்டுக்கும் மேலே குத்தி வைத்தாள். இரண்டு மணி நேரத்தில் அதற்கு ஆயிரத்துச் சொச்சம் லைக். நீளமாக எழுதியவர் தன் பத்திகளைத் தானே எடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கீழே பெண்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள், யாரும் கேட்காமலே. "நான் கார் பார்க்கிங்ல." "நான் கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம்ல, வெங்காய மூட்டைமேல." "நான் பரீட்சை ஹால் பக்கத்துல, ஆயாம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க." கமா கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒற்றுப்பிழை எத்தனையோ இருந்தது. ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள், வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர் கடைக்கு நேரில் வந்தார். அந்தத் தெருவில் பாதிக் கடைகளுக்கு அவர் சொல்தான் சொல். நாற்காலியில் உட்காராமலே, அண்ணியிடம் அன்பாகத்தான் சொன்னார்.

"உங்க மேல மரியாதை இருக்கும்மா. அதான் நானே வந்தேன். நாலு பேர் ஒரு மாதிரி பேசறாங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. எழுதினது யாரோ விவரம் தெரியாத பொண்ணுன்னு சொல்லிக்கலாம்."

கமா எழுந்தாள். அண்ணி கையைக் காட்டி அவளை உட்கார வைத்தாள். அதுவரை தம்பிக்கும் நாத்தனாருக்கும் நடுவே தராசு பிடித்துக்கொண்டிருந்தவள், தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுதினது என் நாத்தனார்" என்றாள். "விவரம் தெரிஞ்சுதான் எழுதினா. போடச் சொன்னது நான். எடுக்கறதுன்னா நான்தான் எடுக்கணும். நான் எடுக்கறதா இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பேருக்கும் இதே கடைல, மூணாம் ரேக்குக்குப் பின்னால, சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னு குடுத்தேன். என் சொந்தக் கடைல. யோசிச்சாச்சு ஐயா."

பெரியவர் டைரக்டரைப் பார்த்தார், ஆம்பளைப் பிள்ளையாவது ஏதாவது சொல்லுமா என்று. டைரக்டர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் ரேக்குக் கதை அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்போல.

"வீட்டுல யாருக்காவது வேணும்னா சொல்லுங்க. அளவு இருக்கு" என்றான் கடைசியில். அவன் கிண்டல் பண்ணினானா, நிஜமாகவே விற்கப் பார்த்தானா என்று கமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் படியிறங்கிப் போனார். சங்கத்தின் ஆண்டு மலரில் அந்த வருஷம் அவர்கள் கடை விளம்பரத்துக்கு இடம் இல்லை என்று தகவல் வந்தது. அண்ணி அதைப் படித்துவிட்டு, அந்தக் காகிதத்தின் பின்பக்கம் கண்டக்டரின் தோழிகளுக்கான அளவுகளைக் குறித்துக்கொண்டாள்.

அறுபது குர்த்தியும் பன்னிரண்டு நாளில் தீர்ந்தன. மாஸ்டர் அடுத்த நூறுக்கு ஜிப் வாங்கப் போனார். பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களில் இரண்டாயிரம் பேர் கழன்றுபோனார்கள். டைரக்டர் அந்த எண்ணை இரண்டு நாள் துக்கம் கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்து சேர்ந்தவர்கள் ஐந்நூறு பேர்தான். ஆனால் அவர்கள் படியேறி வருகிறவர்கள். வந்து கண்ணாடிமுன் நின்று, கையைத் தூக்கி, குனிந்து, "துவைச்சா சுருங்குமா?" என்று கேட்கிறவர்கள்.

இரண்டாவது சரக்கு வந்த அன்றைக்கு, நெட்டை தானாகவே வந்து போனுக்கு முன்னால் நின்றாள்.

"சுத்த மாட்டேன்" என்றாள். "நேரா நிப்பேன். நான் சொல்றதை நான்தான் சொல்லுவேன். கேப்ஷனை நான் பாத்த பிறகுதான் போடணும்."

"சரி" என்றான் டைரக்டர். விரல்களைச் சட்டமாகக் கோக்கப் போனவன், அவள் பார்த்த பார்வையில் கையைக் கீழே போட்டான்.

"ஜிப்பை எங்கேர்ந்து காட்டணும்?" என்று மாஸ்டரைப் பார்த்துக் கேட்டான்.